கைமுட்டி, கரண்டி, கால் தட்டு: நிறுக்காமல் சோறு அளந்தால் எவ்வளவு பிசகும்?

பாளையங்கோட்டையில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் சோற்றைப் பற்றித்தான் இருக்கும். நம் ஊர்ச் சாப்பாட்டில் மாவுச்சத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கண்ணும் கையும் அதிகமாக ஏமாறுவதும் அதில்தான்.

வீட்டுல தராசு கிடையாது. ஒரு கைமுட்டி அளவு சோறுன்னு டாக்டர் சொன்னாங்க. யார் கைமுட்டி?

உங்கள் கைமுட்டிதான். ஆனால் அது எவ்வளவு பெரியது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ஒரு போணியைத் தாம்பாளத்தில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கையை மூடி மணிக்கட்டு வரை உள்ளே இறக்குங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை மில்லிலிட்டர் கோடு போட்ட பால் புட்டியிலோ மருந்துக் குவளையிலோ ஊற்றிப் பார்த்தால் முட்டியின் கொள்ளளவு தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது மதினியின் முட்டி சுமார் 250 மி.லி. வந்தது, அண்ணனுடையது 370. ஒரே சோற்றில் மதினியின் ஒரு முட்டி ஏறக்குறைய 53 கிராம் மாவுச்சத்து, அண்ணனின் ஒரு முட்டி 79 கிராம். இருவரிடமும் டாக்டர் "ஒரு முட்டி" என்றே சொல்லியிருந்தால் இருவருக்கும் இடையில் பாதி மடங்கு வித்தியாசம் வந்திருக்கும்.

இதை முழுக்கக் குறை என்று சொல்ல மாட்டேன். பெரிய உடம்புக்குப் பெரிய கை, கொஞ்சம் கூடுதல் சாப்பாடு என்ற அளவில் கையே ஆளுக்கேற்ற அளவாகிவிடுகிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆச்சியின் தட்டில் பேரன் தன் கைமுட்டியை வைத்துப் பார்த்துப் பரிமாறும்போது. சாப்பிடுகிறவரின் கையே அளவாக இருக்கட்டும்.

முட்டியளவு தெரிஞ்சாச்சு. ஆனா தட்டுல சோறு பரந்துல்ல கிடக்கு, முட்டியை எப்படி ஒப்பிட்டுப் பார்க்க?

உண்மையான சிரமம் இதுதான். முட்டி உருண்டை, சோறு குவியல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண் அகலத்தைத்தான் பார்க்கிறது, உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் வெறும் பத்து சதவீதம் குறைத்து எண்ணினால் நிஜ அளவு நாம் நினைத்ததைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். 1.1 × 1.1 × 1.1 என்று பெருக்கிப் பாருங்கள், 1.33 வரும். ஒவ்வொன்றிலும் இருபது சதவீதம் பிசகினால் 1.73. அதாவது கண்ணுக்குச் "சின்னப் பிசகு" என்று தோன்றுவது, வயிற்றுக்குள் போகும்போது முக்கால் மடங்கு கூடுதல்.

இட்லியில் இந்த வம்பு இல்லை, எண்ணிவிடலாம். சோறு, உப்புமா, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு போன்ற உருவமில்லாத உணவுகளில்தான் கண் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு திசையும் உண்டு. கொஞ்சமாக இருப்பதைக் கூட்டிச் சொல்வோம், நிறைய இருப்பதைக் குறைத்துச் சொல்வோம். சர்க்கரைக்காரர்களின் கணக்கு ஏன் பெரும்பாலும் கீழேயே நிற்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். மறைக்கிறார்கள் என்று வீட்டார் கோபப்பட வேண்டாம், கண்ணின் இயல்பே அப்படி.

ஆகவே தட்டில் கிடக்கும் சோற்றோடு முட்டியை ஒப்பிடாதீர்கள். முட்டியளவு எத்தனை கரண்டி என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் கரண்டியை எண்ணுங்கள்.

கரண்டிக் கணக்கை எப்படிக் கண்டுபிடிக்க? அதுக்குத் தராசு வேண்டாமா?

வீட்டில் வேண்டாம். கடையில் இருக்கும் தராசே போதும். தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அரிசியில் 150 கிராம் மட்டும் தனியாக நிறுத்து வாங்குங்கள். அரிசி வீட்டு மூட்டையில் இருக்கிறது என்றால் ஒரு பையில் கொஞ்சம் எடுத்துப்போய் நிறுத்துத் தரச் சொல்லுங்கள்.

அந்த 150 கிராமை மட்டும் நீங்கள் எப்போதும் செய்கிற முறையில் ஆக்குங்கள். வடிக்கிற வீட்டில் வடித்து, குக்கர் வைக்கிற வீட்டில் குக்கரில். வெந்த சோற்றை லேசாகக் கிளறி, தினமும் பரிமாறும் அதே கரண்டியால் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு, அமுக்காமல் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எத்தனை கரண்டி என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து வந்தது. அப்படியென்றால் ஒரு கரண்டி என்பது 30 கிராம் அரிசி.

அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 சதவீதம். ஆக ஒரு கரண்டியில் 23 கிராம் மாவுச்சத்து, 105 கலோரி பக்கம். இனி அந்தக் கரண்டிதான் உங்கள் தராசு. அதில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள், பொங்கலுக்குப் பாத்திரம் மாற்றும்போது காணாமல் போய்விடக் கூடாது.

அரிசியாக இருக்கும்போதே நிறுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெந்த சோற்றை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம். அதே 150 கிராம் அரிசி ஒரு வீட்டில் 375 கிராம் சோறாகும், இன்னொரு வீட்டில் 450 கிராம் ஆகும். தராசில் வைத்த சோற்றிலேயே பத்து சதவீதம் இப்படியும் அப்படியும் போகும் என்றால் அதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான். அரிசியிலிருந்து தொடங்கினால் அந்தப் பிசகு கணக்குக்குள் வருவதே இல்லை. வடிக்கும்போது கஞ்சியோடு கொஞ்சம் மாவு போகும், அது சிறிய அளவு, விட்டுவிடலாம்.

நாங்க சாப்பிடுறது அம்பை அரிசி. சில மாசம் பொன்னி வாங்குவோம். ஒரே கணக்கு போதுமா?

போதாது. அம்பை 16 குட்டையான, பருத்த அரிசி. பொன்னி மெலிந்தது. கரண்டிக்குள் இரண்டும் அடங்கும் விதம் வேறு. பழைய அரிசி நன்றாகக் காணும் என்று ஆச்சிமார் சொல்வது உண்மைதான். பழையது தண்ணீரைக் கூடுதலாக இழுத்து உப்பும். அதனால் அதே 150 கிராம் ஐந்து கரண்டிக்குப் பதிலாக ஆறு கரண்டி வரலாம். அப்போது ஒரு கரண்டி 25 கிராம் அரிசிதான்.

அரிசி மாறும்போது ஒருமுறை திரும்ப எண்ணிவிடுங்கள், அவ்வளவுதான். மாவுச்சத்தின் சதவீதம் ரகத்துக்கு ரகம் பெரிதாக மாறுவதில்லை, மாறுவது கரண்டியின் எண்ணிக்கை.

எங்க அப்பா ரெண்டு கரண்டிதான் சாப்பிடுறாங்க. ஆனா சுகர் இறங்கவே மாட்டேங்குது. எங்க தப்பு நடக்குது?

என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அம்பாசமுத்திரத்தில். அவரும் இதையேதான் சொன்னார், மனதாரச் சொன்னார். பெரியம்மாவும் ஆமாம் என்றார். அவர்கள் கரண்டி எங்கள் வீட்டுக் கரண்டி அளவுதான். வழித்து எடுத்தால் 30 கிராம் அரிசி. அவர் சொன்னபடி பார்த்தால் 60 கிராம் அரிசி, 47 கிராம் மாவுச்சத்து. மதியச் சாப்பாட்டுக்கு அது குறைவே.

அடுத்த நாள் பெரியம்மாவிடம், எப்போதும்போல் பரிமாறுங்கள், ஒவ்வொரு கரண்டியையும் தட்டில் போடுவதற்குப் பதிலாக இந்தப் பாத்திரத்தில் போடுங்கள் என்றேன். குழம்புக்கு இரண்டு கரண்டி விழுந்தது. இரண்டுமே கும்பாரமாக. அந்தச் சோற்றை வழித்த கரண்டியால் திரும்ப அளந்தபோது மூன்று வந்தது. ஆக அவர் கரண்டி ஒன்று, நம் கணக்கில் ஒன்றரை.

அப்புறம் பெரியப்பா ரசத்துக்கு ஒரு கரண்டி வாங்கினார், மோருக்கு ஒரு கரண்டி. "அது சும்மா கொஞ்சம்" என்றார். இரண்டும் அதே கும்பாரம். மொத்தம் நான்கு கும்பாரக் கரண்டி, வழித்த கணக்கில் ஆறு. 180 கிராம் அரிசி, 140 கிராம் மாவுச்சத்து. அவர் நம்பியதைப்போல மூன்று மடங்கு.

இந்த மூன்று மடங்கு எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும். கும்பாரம் ஒன்றரை மடங்கு. மறந்துபோன இரண்டாம் சோறு இரண்டு மடங்கு. ஒன்றரையையும் இரண்டையும் பெருக்கினால் மூன்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தவறாகத் தெரியாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போதுதான் இவ்வளவு ஆகிறது. கூட்டிப் பார்க்காமல் பெருக்கிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பெரியப்பாவிடம் சோற்றைக் குறையுங்கள் என்று உடனே சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டிய சோறு மொத்தத்தையும் வழித்த கரண்டியால் எண்ணி ஒரு கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன். குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் அதிலிருந்தே போட்டுக்கொள்ள வேண்டும். "இரண்டாவது தடவை" என்ற பேச்சே எழாது. கிண்ணத்தில் எத்தனை கரண்டி என்பதை அவருடைய டாக்டரும் நானும் சேர்ந்து படிப்படியாகக் குறைத்தோம்.

தட்டைப் பாதி காய், கால் சோறு, கால் பருப்பு அல்லது மீன்னு பிரிக்கச் சொல்றாங்களே. அது கரண்டியைவிட லேசா இருக்கே?

லேசுதான், காய்க்கு அது மிக நல்ல முறை. பெரும்பாலான வீடுகளில் வெஞ்சனம் தட்டின் ஓரத்தில் ஒரு விரலளவு கிடக்கும். பாதித் தட்டு காய் என்ற ஒன்றைக் கடைப்பிடித்தாலே சாப்பாட்டின் சாயல் மாறிவிடும். ஆனால் கால் தட்டு சோறு என்பதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: தட்டு எவ்வளவு அகலம், சோறு எவ்வளவு உயரம்.

இந்த முறையைச் சொல்லித்தருபவர்கள் மனதில் வைத்திருப்பது பொதுவாக ஒன்பது அங்குலத் தட்டு, ஏறத்தாழ 23 செ.மீ. நம் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் பல பதினொன்றரை அங்குலம், 29 செ.மீ. இருக்கும். அகலம் கால் பங்குதான் கூடுதல், பரப்போ ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். சின்னத் தட்டின் கால் பாகத்தில் இரண்டு செ.மீ. உயரத்துக்குச் சோறு பரப்பினால் இரண்டு கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பெரிய தட்டின் கால் பாகத்தில் அதே உயரத்துக்கு மூன்று கரண்டி. உயரத்தை நான்கு செ.மீ. ஆக்கினால், ஓரம் சரிந்து இறங்குவதைக் கழித்தாலும் நாலரை கரண்டி. மேலிருந்து பார்த்தால் மூன்றுமே "கால் தட்டு"தான். 44 கிராம் மாவுச்சத்தும் 105 கிராம் மாவுச்சத்தும் ஒரே பெயரில்!

போனில் மேலிருந்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பி எவ்வளவு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். படத்தில் உயரம் தெரியாது.

உயரத்துக்கு ஒரு கைவழி சொல்கிறேன். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து இரண்டரை செ.மீ. சோற்றைப் பரப்பிவிட்டு, சாப்பிடத் தொடங்கும் முன் நடுவில் விரலைக் குத்திப் பாருங்கள். முதல் கணுவுக்கு மேல் மூழ்கினால் அது கால் தட்டு இல்லை. தட்டின் அகலத்தையும் விளிம்பை விட்டுவிட்டு, சமமான உள்பகுதியை மட்டும் ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுல வாழையிலை. அங்க என்ன செய்ய?

இலைக்கு விளிம்பும் இல்லை, கால் பாகமும் இல்லை. தட்டுக் கணக்கு அங்கே செல்லாது. பரிமாறுகிறவர் கரண்டியும் வீட்டுக் கரண்டியைவிடப் பெரியது. அங்கே கைமுட்டிதான் துணை. முதல் தடவை சோறு விழுந்ததும் பிசையும் முன் அதைக் கையால் கூட்டிக் குவித்து, பக்கத்தில் முட்டியை வைத்துப் பாருங்கள். உங்கள் முட்டி எத்தனை கரண்டி என்று வீட்டில் கண்டுபிடித்திருப்பீர்கள். மதினிக்கு அது இரண்டேகால். போதும் என்றால் அடுத்து ரசத்துக்கு வரும்போது கையை இலைக்கு மேல் மறித்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதில் 25, 30 சதவீதம் பிசகும். மாதத்துக்கு ஒரு கல்யாணத்தில் அது பெரிய விஷயமில்லை.

தினமும் கொஞ்சம் கூடுது, கொஞ்சம் குறையுது. வாரக் கணக்குல சரியாயிடாதா?

பிசகு இரண்டு வகை. ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவது ஒரு வகை. அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வாரக் கடைசியில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. எப்போதும் ஒரே பக்கம் சாய்வது இன்னொரு வகை. பெரியப்பாவின் கும்பாரம் அப்படி. ஒரு நாளும் அது வழித்த கரண்டியைவிடக் குறைந்ததில்லை. அதை நூறு நாள் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் அதே ஒன்றரை மடங்குதான் நிற்கும்.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, பத்து நாள் பரிமாறியபின் மனக்கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் கரண்டியால் எண்ணி நிஜத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பத்தில் ஒன்பது நாள் நிஜம் கூடுதலாக இருந்தால் அது சாய்வு. பத்தில் ஐந்து கூடுதல், ஐந்து குறைவு என்றால் கவலையை விடுங்கள். பழகியவர்களுக்கு மனக்கணக்கு பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு மூன்று மாதம் எண்ணாமல் விட்டால் கும்பாரம் மெல்லத் திரும்பிவிடும்.

எண்ணெய்க்குக் கட்டைவிரல் கணக்கு சொல்றாங்க. சொதிக்கும் அதே போதுமா?

பாதிக் கட்டைவிரல் ஒரு தேக்கரண்டி என்பது தட்டில் கண்ணுக்குத் தெரியும் நெய்க்குச் சரி. கடாயில் ஊற்றிய எண்ணெய்க்கும் தேங்காய்ப்பாலுக்கும் அது உதவாது, அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே தட்டை விட்டுவிட்டு அடுக்களையில் எண்ணுங்கள்.

நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், 3000 மி.லி.யை 120 ஆள்-நாளால் வகுங்கள். ஆளுக்குத் தினம் 25 மி.லி., 200 கலோரிக்குச் சற்று மேல். எண்ணெய் ஊற்றிய கை யாருடையதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சொதிக்கும் அப்படியே: ஒரு தேங்காய்ப் பாலை நாலு பேர் தீர்த்தால் ஆளுக்குக் கால் தேங்காய். தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. 300 கிராம் பருப்புள்ள காய் என்றால் ஆளுக்கு அதிகபட்சம் 25 கிராம் கொழுப்பு. சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும்.

அல்வாவுக்கு?

அது நிறுத்துத்தான் வருகிறது! கால் கிலோப் பொட்டலத்தை ஐந்தாக வெட்டினால் ஒரு துண்டு 50 கிராம். அல்வா கனமான பண்டம், சின்னதாகத் தெரியும். விரலால் அளக்காமல் பொட்டலத்தைப் பங்கு போடுங்கள்.

எங்க அத்தை இன்சுலின் போடுறாங்க. கைக்கணக்கை நம்பலாமா?

எந்த மாதிரி இன்சுலின் என்பதைப் பொறுத்தது. தினமும் ஒரே அளவு போடுகிறவர் என்றால், உண்மையான எண்ணைவிட நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அதே கரண்டி, அதே எண்ணிக்கை, அதே நேரம். கரண்டி உண்மையில் 30 கிராமா 33 கிராமா என்பது அவ்வளவாகப் பாதிக்காது.

சாப்பாட்டின் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப ஒவ்வொரு வேளையும் அளவை மாற்றுகிறவருக்கு நிலைமை வேறு. உதாரணத்துக்கு, 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 கிராம் என்று நினைத்தது உண்மையில் 54 அல்லது 66 என்றால் அரை யூனிட் சுற்றிய வித்தியாசம், பெரும்பாலும் தாங்கும். 60 என்று நினைத்துப் போட்டுவிட்டு 40 கிராம்தான் சாப்பிட்டால் இரண்டு யூனிட் கூடுதல். ஒரு யூனிட் சர்க்கரையை 40, 50 புள்ளி இறக்கும் உடம்பென்றால் 80 முதல் 100 வரை கூடுதலாக இறங்கிவிடும், மயக்கம் வரலாம். பரிமாறியதில் மிச்சம் வைத்தாலும் இதே கதைதான். இப்படிப்பட்டவர்கள் ஒரு சின்ன மின்தராசு வாங்கிவிடுவது நல்லது. வெளியூர் போகும்போது மட்டும் கரண்டிக் கணக்கு. யூனிட் மாற்றத்தை டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

பழையதுக்கு எத்தனை கரண்டி?

தண்ணீரோடு இருப்பதை அளக்கவே முடியாது, இரவில் ஊறி உப்பியும் இருக்கும். முந்தின நாள் தண்ணீர் ஊற்றும் முன், சோறாக இருக்கும்போதே வழித்த கரண்டியால் எண்ணிச் சட்டியில் போடுங்கள். காலையில் இரண்டு பேர் பங்கு போடுவதாக இருந்தால் இரண்டு சட்டி வைத்துவிடுங்கள்.